'படித்தவன்' பெயர்ச்சொல் ஆகிவிட்டது. அப்படியென்றால் இது டெரிவேஷனா?

முதலாண்டு_மாணவி

எம்.ஏ. மொழியியல் முதலாண்டு. வகுப்பில் ஒரு விதி கொடுத்தார்கள். ஒட்டு சேர்ந்த பிறகு சொல்லின் வகை மாறினால் டெரிவேஷன், மாறாவிட்டால் இன்ஃப்ளெக்‌ஷன். ஆங்கிலத்தில் 'வாக்', 'வாக்டு' இரண்டும் வினைதான், அதனால் இன்ஃப்ளெக்‌ஷன். 'டீச்' வினை, 'டீச்சர்' பெயர், அதனால் டெரிவேஷன். இதுவரை புரிகிறது.

வீட்டுப் பயிற்சியில் இந்தச் சொற்களைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்: படித்தான், படித்தவன், படிப்பு, படிப்பது, படித்தல், படிப்புகள், குழந்தைத்தனம்.

'படித்தவன்' வினையிலிருந்து வந்த பெயர். விதிப்படி டெரிவேஷன். ஆனால் அதற்குள் இறந்தகாலம் இருக்கிறதே, டெரிவேஷனுக்குள் காலம் எப்படி வரும்? 'குழந்தை' பெயர், 'குழந்தைத்தனம்' அதுவும் பெயர். விதிப்படி இன்ஃப்ளெக்‌ஷன் என்று எழுத வேண்டும், ஆனால் மனம் ஒப்பவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பொருநைக்கரை

தவறு உங்களுடையது இல்லை, விதி பாதிதான் சொல்கிறது. வகை மாறுகிறதா, பொருள் மாறுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் டெரிவேஷன். குழந்தைத்தனத்தில் வகை மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. குழந்தை ஓர் ஆள், குழந்தைத்தனம் ஒரு குணம். ஆங்கிலத்தில் 'சைல்டு', 'சைல்டுஹுட்' அப்படித்தான். 'லாக்', 'அன்லாக்' இரண்டும் வினை, பொருள் நேர் எதிர். எல்லாம் டெரிவேஷன்.

படித்தவனில் வகை மாறிவிட்டது. அதுவும் டெரிவேஷன். முடிந்தது.

நன்னூல்_நேசன்

'படித்தவன்' என்பதைப் பிரிப்பது கடினம் இல்லை அம்மா. படி பகுதி. முதல் த் சந்தி. இரண்டாவது த் இறந்தகால இடைநிலை. அன் ஆண்பால் விகுதி. நடுவில் அ, அதை அடுத்து வகர உடம்படுமெய். வினையாலணையும் பெயர் என்று எழுதுங்கள், முழு மதிப்பெண் கிடைக்கும்.

முதலாண்டு_மாணவி

நன்றி ஐயா. பிரிப்பது தெரியும். பிரித்த பிறகு அந்த 'அன்' எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பள்ளி இலக்கணம் 'படித்தான்' என்பதன் 'ஆன்' என்பதையும் விகுதி என்கிறது, 'படிப்பு' என்பதன் பு-வையும் விகுதி என்கிறது.

உருபன்

கேள்வி மிகச் சரியான இடத்தில் நிற்கிறது. நம் மரபில் 'விகுதி' என்பது சொல்லின் கடைசியில் எது நிற்கிறது என்பதைச் சொல்லும் பெயர். அது என்ன வேலை செய்கிறது என்று பிரிப்பதற்கு ஏற்பட்டதல்ல. அதனால் உறுப்பிலக்கணத்திலிருந்து நேராகத் திரிபா சொல்லாக்கமா என்று முடிவுகட்ட முடியாது. (நான் இனி தமிழிலேயே எழுதுகிறேன்: இன்ஃப்ளெக்‌ஷனைத் திரிபு என்றும், டெரிவேஷனைச் சொல்லாக்கம் என்றும்.)

பொருநைக்கரை சொன்னதில் முதல் பாதி சரி. வகை மாறாமலும் சொல்லாக்கம் நடக்கும், குழந்தைத்தனம் அதற்கு நல்ல சான்று. ஆனால் 'பொருள் மாறுகிறதா' என்பதைச் சோதனையாக வைத்தால் திரிபு என்று ஒன்றுமே மிஞ்சாது. 'மாடு', 'மாடுகள்' பொருள் மாறவில்லையா? 'வந்தான்', 'வருவான்' பொருள் மாறவில்லையா? வகை மாறினாலே சொல்லாக்கம் என்பதும் சரியில்லை. அது ஏன் என்பதைப் 'படித்தவன்'தான் காட்டுகிறது.

ஒரு வினை வாக்கியத்தில் தனியாக வராது. தன்னோடு ஓர் எழுவாயையும், ஐ உருபு ஏற்ற செயப்படுபொருளையும், 'வேகமாக', 'நேற்று' போன்ற அடைகளையும் கூட்டிக்கொண்டு வரும். ஒட்டு சேர்ந்து பெயர் ஆன பிறகும் அந்தக் கூட்டம் கூடவே வருகிறதா என்று பாருங்கள்.

நேற்று பாடத்தை வேகமாகப் படித்தான்.
நேற்று பாடத்தை வேகமாகப் படித்தவன் இவன்தான்.

'நேற்று', 'பாடத்தை', 'வேகமாக' மூன்றும் அப்படியே இருக்கின்றன. இப்போது 'படிப்பு' வைத்துப் பாருங்கள். 'நேற்று பாடத்தை வேகமாகப் படிப்பு' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். 'வேகமாக' போய் 'வேகமான படிப்பு' ஆகும். 'பாடத்தை' வரவே வராது.

ஆக, படித்தவன் உள்ளே வினை, வெளியே பெயர். வெளிப்பக்கம் 'படித்தவனை', 'படித்தவனுக்கு' என்று வேற்றுமை ஏற்கிறது. உள்பக்கம் தன் செயப்படுபொருளை விடவில்லை. படிப்பு இரண்டு பக்கமும் பெயர். பு வினையை முழுக்கக் கரைத்துப் புதுச் சொல் ஆக்கிவிட்டது. 'படித்தவன்' என்பதன் அன் அப்படிச் செய்யவில்லை. அதனால் படிப்பு சொல்லாக்கம். படித்தவன் வகை மாற்றும் திரிபு. வகை மாற்றும் திரிபு என்று ஒன்று உண்டு என்பதை மொழியியலில் பலர் ஏற்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் இதே சோதனை ஓடும். 'டிரைவர்' என்ற பிறகு 'டிரைவர் தி லாரி' வராது, 'டிரைவர் ஆஃப் தி லாரி' என்று இடையில் 'ஆஃப்' வேண்டும். 'கேர்ஃபுல்லி' போய் 'கேர்ஃபுல் டிரைவர்' ஆகும். அங்கே 'அர்' சொல்லாக்கம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 'இங்' ஒட்டைப் பாருங்கள். 'ரீடிங் தி புக் குயிக்லி' என்றால் உள்ளே வினை இருக்கிறது. 'தி குயிக் ரீடிங் ஆஃப் தி புக்' என்றால் உள்ளே வினை இல்லை. ஒட்டு ஒன்றே, வேலை இரண்டு. அதனால் ஒட்டைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், வாக்கியத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை

'வேகமாக, வேகமான' சோதனையை ஏற்கிறேன், நன்றாகப் பிரிக்கிறது. ஆனால் ஒரு சோதனையை நம்பி முடிவு சொல்வது சரியா? எல்லா வினைக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

உருபன்

கட்டாயம் பார்க்க வேண்டும். ஆறு வினைகளை எடுத்துக்கொள்வோம்: படி, ஓடு, பேசு, அழு, கொல், செல்.

தொழிற்பெயர் கேட்டால் படிப்பு, ஓட்டம், பேச்சு, அழுகை, கொலை, செலவு. ஆறுக்கும் ஆறு விதம். 'ஓடு' தெரிந்த ஒருவருக்கு 'ஓட்டம்' என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், 'ஓடுப்பு' என்று அவரே ஆக்கிவிட முடியாது. அன் கேட்டால் படித்தவன், ஓடியவன், பேசியவன், அழுதவன், கொன்றவன், சென்றவன். இறந்தகாலப் பெயரெச்சம் தெரிந்தால் போதும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நேற்று ஆங்கிலத்திலிருந்து வந்து 'பண்ணு' ஒட்டிய வினைக்கும் வரும்: 'டவுன்லோடு பண்ணியவன்'.

பொருளும் அப்படித்தான். சென்றவன் என்றால் சென்ற ஆண், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் 'செலவு' சங்கப் பாட்டில் பயணம். தலைவன் பொருள் தேடப் புறப்பட நினைத்துப் பிறகு தயங்கி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என்பார்கள். இன்று செலவு என்றால் கையை விட்டுப் போகும் பணம். 'வரவு' அதோடு ஜோடியாகப் போய் 'வரவு செலவு' ஆகிவிட்டது. 'வா', 'செல்' இரண்டின் இன்றைய பொருளை மட்டும் வைத்து இதை யாரும் ஊகிக்க முடியாது. சொல்லாக்கத்தில் பிறந்த சொல் தாய்வினையை விட்டுத் தனிக்குடித்தனம் போகும், திரிபு பொதுவாகப் போகாது.

தேடல்_குறியீடு

எனக்கு இது நடைமுறைப் பிரச்சினை. தமிழ்ச் செய்திகளுக்குத் தேடுபொறி செய்கிறேன். 'படி' என்று தேடினால் எந்தெந்த வடிவங்கள் வர வேண்டும் என்று அடிச்சொல் பட்டியல் போடுகிறேன். உருபன் சொல்வதை வைத்துப் பார்த்தால் படித்தவன், படிப்பவர்கள் எல்லாவற்றையும் படி-யின் கீழே தள்ளலாம். படிப்பு, படிப்புகள், படிப்பில் எல்லாம் படிப்பு என்ற தனித் தலைச்சொல்லின் கீழே. சரியா? இதே விதியில் 'பெற்றோர்' என்பதைப் பெறு-வின் கீழே போட்டேன். 'விருது பெறுதல்' என்று தேடினால் பள்ளிப் பெற்றோர் கூட்டம் எல்லாம் வந்து கொட்டுகிறது.

அகராதிக்காரர்

முதல் பாதி சரி. எங்கள் வேலையிலும் படிப்பு தலைச்சொல், படித்தவன் தலைச்சொல் ஆகாது. பெற்றோர் மட்டும் ஏன் உதைக்கிறது என்பதற்கு விடை உருபன் கொடுத்த சோதனையிலேயே இருக்கிறது. இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

விருதைப் பெற்றோர் மேடைக்கு வந்தனர்.
மாணவரின் பெற்றோர் மேடைக்கு வந்தனர்.

முதல் வரியில் ஐ உருபு. உள்ளே 'பெறு' என்ற வினை உயிரோடு இருக்கிறது, யார் எதைப் பெற்றார்கள் என்று கேட்கலாம். இரண்டாவதில் 'மாணவரை' என்று வராமல் 'மாணவரின்' என்று உடைமையாக வந்துவிட்டது. அங்கே பெற்றோர் என்பது 'தாய் தந்தை' என்ற பொருளுள்ள பெயர், 'நண்பர்' என்பதைப் போல. எழுத்து ஒன்றே, சொல் இரண்டு. அகராதியில் பெற்றோர் என்று தனித் தலைச்சொல் வேண்டும். உங்கள் பட்டியலிலும் அதை விதிவிலக்காகப் போடுங்கள். முன்னால் உள்ள சொல் ஐ உருபு ஏற்றிருந்தால் பெறு-வின் கீழே, ஆறாம் வேற்றுமை என்றால் பெற்றோரின் கீழே.

இதில் எச்சரிக்கை ஒன்று. 'விருது பெற்றோர்' என்று உருபு தொக்கி வருவதுதான் செய்தி நடையில் அதிகம். 'மாணவர் பெற்றோர்' என்றும் உருபு இல்லாமல் எழுதுவார்கள். அங்கே ஐ உருபு கிடைக்காது. முன்னால் இருப்பது அஃறிணையா உயர்திணையா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும், எல்லா இடத்திலும் இல்லை.

'வேண்டியவர்' இன்னொன்று. 'அவர் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்' என்றால் நெருங்கியவர். 'உதவி வேண்டியவர் மனு கொடுக்கலாம்' என்றால் உதவி தேவைப்படுபவர்.

பொருநைக்கரை

அப்படியானால் உருபனின் வாதம் உடைகிறதே. திரிபு தனிக்குடித்தனம் போகாது என்றார். பெற்றோர் போய்விட்டதே.

உருபன்

'பொதுவாக' என்ற சொல்லைப் போட்டுத்தான் எழுதினேன், ஆனால் அதை விளக்கியிருக்க வேண்டும். போனது 'பெற்றோர்' என்ற ஒரு வடிவம். வினையாலணையும் பெயர் என்ற அமைப்பு முழுவதும் போகவில்லை. கற்றோர், வந்தோர், சென்றோர் எல்லாம் இன்னும் வினையோடுதான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' பன்மையில் 'கிளாசஸ்' ஆகி மூக்குக்கண்ணாடி என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. அதற்காக ஆங்கிலப் பன்மை ஒட்டு சொல்லாக்கம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வடிவம் உறைந்து போவது வேறு, ஒட்டின் இயல்பு வேறு.

மாணவி முதலில் கேட்ட காலம் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை வருகிறது. 1963-இல் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை வைத்து 45 பொதுமைகள் எழுதினார். அதில் 28ஆவது: இரண்டு வகை ஒட்டும் வேரின் ஒரே பக்கத்தில் வந்தால் சொல்லாக்க ஒட்டுதான் வேரை ஒட்டி நிற்கும், திரிபு ஒட்டு அதற்கு வெளியே. 'டீச்சர்ஸ்' என்பதில் 'அர்' உள்ளே, பன்மை வெளியே. 'படிப்புகளை' என்பதில் பு உள்ளே, கள் அடுத்து, ஐ கடைசி. இப்போது படித்தவனில் வரிசையைப் பாருங்கள். படி, அதன் பிறகு காலம், அதன் பிறகுதான் அன். காலம் திரிபு என்பதில் சண்டை இல்லை. அன் சொல்லாக்கம் என்றால் திரிபுக்கு வெளியே சொல்லாக்கம் வந்ததாகிவிடும், வரிசை தலைகீழாகும். நீங்கள் 'காலம் எப்படி உள்ளே வரும்' என்று தயங்கியது சரியான தயக்கம்.

முதலாண்டு_மாணவி

இப்போது 'படிப்பது', 'படித்தது' என்பதில் முயன்றேன். 'அவன் பாடத்தை வேகமாகப் படிப்பது எனக்குப் பிடிக்கும்.' ஐ இருக்கிறது, வேகமாக இருக்கிறது, காலமும் இருக்கிறது. அதனால் திரிபு. சரிதானே? 'படித்தது' மட்டும் குழப்புகிறது.

உருபன்

சரி. படித்தது குழப்புவதற்குக் காரணம், ஒரே எழுத்தில் மூன்று இருக்கின்றன.

'குழந்தை சத்தமாகப் படித்தது.' இது முற்று. வாக்கியம் இங்கே முடிந்துவிட்டது.

'நான் நேற்று படித்தது இந்தப் புத்தகம்.' படித்த பொருளைக் குறிக்கிறது. 'படித்தவன்' போன்ற வினையாலணையும் பெயர், அஃறிணையில்.

'அவன் அதைப் படித்தது எனக்குத் தெரியாது.' இங்கே பொருளும் இல்லை ஆளும் இல்லை, படித்த செய்திதான். அதைப் படித்தான் என்ற செய்தி தெரியாது என்கிறோம்.

முதலாவதைப் பிரிக்க ஐ சேர்த்துப் பாருங்கள். பின் இரண்டும் 'படித்ததை' ஆகும், முற்று ஆகாது. பின் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கச் செயப்படுபொருளைப் பாருங்கள். இரண்டாவதில் அந்த இடம் காலி, ஏனென்றால் 'படித்தது' என்பதே அந்தப் பொருள். மூன்றாவதில் 'அதை' என்று நிரம்பியிருக்கிறது. தேர்வில் 'படித்தது' என்று தனிச்சொல்லாகக் கொடுத்தால் மூன்று வாக்கியமும் எழுதிப் பிறகு விடை சொல்லுங்கள்.

கல்லூரி_ஆசிரியை

முதலாண்டுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் ஒன்று. இந்தப் பயிற்சியில் மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது 'தல்' ஒட்டில்தான். பள்ளி இலக்கணத்தில் தல், அல், அம், ஐ, கை, பு எல்லாம் தொழிற்பெயர் விகுதி என்று ஒரே வரிசையில் படித்துவிட்டு வருகிறார்கள். அதனால் படித்தலும் படிப்பும் ஒன்றே என்று எழுதுகிறார்கள். சோதித்துப் பார்த்தால் 'நூலை விரைவாகப் படித்தல்' வருகிறது, 'நூலை விரைவாகப் படிப்பு' வரவில்லை. எல்லா வினைக்கும் தல் சேர்கிறது. ஆகவே தல் திரிபுப் பக்கம், பு சொல்லாக்கப் பக்கம். ஒரே வரிசையில் நிற்கும் விகுதிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

அகராதிக்காரர்

தல் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு, மேடம். 'தேர்தல்', 'ஆறுதல்' இரண்டும் அகராதியில் தனித் தலைச்சொற்கள். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு. 'ஆறுதலான வார்த்தை' என்கிறோம். இப்படி உறைந்துபோன வடிவங்கள் தல் ஒட்டில் ஒன்றிரண்டு இல்லை, எளிதாகக் கிடைக்கின்றன. காலமும் இல்லை. பேச்சில் தல் அநேகமாக வருவதே இல்லை, 'படிக்கிறது' என்றுதான் சொல்கிறோம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு படிப்பது என்பதோடு அதை ஒரே தட்டில் வைக்க மனம் வரவில்லை.

கல்லூரி_ஆசிரியை

உறைந்தவற்றுக்கு உருபன் சொன்ன கிளாசஸ் விடை பொருந்தும். காலம் இல்லாதது உண்மை, ஆனால் 'படிக்க' என்பதிலும் காலம் இல்லை, அதைச் சொல்லாக்கம் என்று யாரும் சொல்வதில்லை. எத்தனை வடிவம் உறைந்தால் ஒட்டையே சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. தல் நடுவில் நிற்கிறது என்று மாணவர் காரணத்தோடு எழுதினால் நான் மதிப்பெண் கொடுப்பேன்.

பொருநைக்கரை

இன்னொரு வழி தோன்றுகிறது. வாக்கியம் கட்டாயமாகக் கேட்பது திரிபு, கேட்காதது சொல்லாக்கம். 'நான்' என்றால் வினை 'ஏன்' என்றுதான் முடிய வேண்டும். இது எளிது.

உருபன்

வேற்றுமைக்கும் வினைமுற்றுக்கும் இது நன்றாக வேலை செய்யும். கள் ஒட்டில் வந்து தட்டும். ஆங்கிலத்தில் 'டூ' வந்தால் 'புக்ஸ்' கட்டாயம், 'டூ புக்' தவறு. தமிழில் 'ரெண்டு புத்தகம் வாங்கினேன்' என்பதே இயல்பு. வாக்கியம் பன்மையைக் கேட்கவில்லை. அப்படியானால் அஃறிணையில் கள் சொல்லாக்கமா?

பொருநைக்கரை

'மாடுகள் வந்தன' என்று வினை இசைகிறதே. கள் போட்டால் வினை மாறுகிறது, அதனால் திரிபு.

அகராதிக்காரர்

எழுத்தில் இசைகிறது. பேச்சில் 'மாடுங்க வந்துச்சு' என்றால் யாருக்கும் தவறாகப் படாது. பேச்சுத் தமிழை ஆதாரமாக எடுத்தால் அஃறிணைக் கள் விருப்பத்துக்கு விட்டதுதான். 'மாணவர்கள் வந்தார்கள்' என்ற உயர்திணையில் நிலைமை வேறு.

உருபன்

நான் திரிபு என்றே வைத்துக்கொள்வேன், ஏனென்றால் எண்ணக்கூடிய எந்தப் பொருளின் பெயரிலும் சேர்கிறது, பொருள் நழுவுவது அரிது. ஆனால் வாக்கியம் கேட்பதால் வரும் திரிபும், பேசுபவர் தேர்ந்து போடும் திரிபும் ஒன்றல்ல. இரண்டாவது வகை சொல்லாக்கத்துக்குப் பக்கத்து வீடு. கள் அங்கே குடியிருக்கிறது.

முதலாண்டு_மாணவி

பயிற்சியைத் திருத்தி எழுதிவிட்டேன். படித்தான், படித்தவன், படிப்பது திரிபு, ஒவ்வொன்றுக்கும் வாக்கியத்தோடு. படிப்பு சொல்லாக்கம். படிப்புகள் என்பதில் பு சொல்லாக்கம், கள் திரிபு. படித்தல் திரிபுப் பக்கம் என்று எழுதி, தேர்தலைக் குறிப்பிட்டேன். குழந்தைத்தனம் சொல்லாக்கம், காரணம் தனம் எல்லாப் பெயரிலும் சேர்வதில்லை: முட்டாள்தனம் உண்டு, மேசைத்தனம் இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம். 'அவர் நன்றாகப் படித்தவர்' என்பதில் 'நன்றாக' இருக்கிறது, திரிபு. ஆனால் 'படித்தவர்கள் வாழும் ஊர்' என்னும்போது எதைப் படித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கல்வி கற்றவர் என்ற தனிப்பொருள் வந்துவிடுகிறது. இது பெற்றோர் போல உறைந்துவிட்டதா?

அகராதிக்காரர்

'ஊரின் படித்தவர்கள்' என்று ஆறாம் வேற்றுமை ஏற்கிறதா என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு இடறுகிறது, 'ஊரில் படித்தவர்கள்' என்றுதான் வாயில் வருகிறது. அதனால் பெற்றோர் அளவுக்குப் போகவில்லை என்பேன். ஆனால் 'படிக்காதவன்' என்றால் எழுத்தறியாதவன் என்ற பொருள்தான் முதலில் வருகிறது. எதிர்மறை வடிவம் உடன்பாட்டைவிட முன்னால் போய்விட்டதுபோல் இருக்கிறது.

பொருநைக்கரை

எங்கள் பக்கம் 'அவன் ஊர்ப் படிச்சவன்' என்று ஒட்டிச் சொல்வதுண்டு. அதை எங்கே வைப்பீர்கள்?